அப்பா, அம்மா விசாவுக்கான அழைப்புக் கடிதம்

அன்புள்ள அப்பா, அம்மா,

விண்ணப்பத்துடன் சேர்க்க வேண்டிய அழைப்புக் கடிதம் கீழே இருக்கிறது. நான் கையெழுத்திட்ட ஆங்கிலப் பிரதியை இணைத்திருக்கிறேன். பதிவேற்ற வேண்டியது அதுதான். தமிழில் இருப்பதை நிதானமாக வாசியுங்கள். பெயரோ பிறந்த தேதியோ பாஸ்போர்ட்டோடு ஓர் எழுத்து மாறினாலும் சொல்லுங்கள். பயண நோக்கம் கேட்கும் இடத்தில் தம்பி "குழந்தையைப் பார்த்துக்கொள்ள" என்று எழுதிவிடப் போகிறான். பேத்தியைப் பார்க்கத்தான் வருகிறீர்கள், ஆயா வேலைக்கு அல்ல.

விசா அதிகாரி அவர்களுக்கு,

என் தந்தை கருப்பையா முனியசாமி (பிறப்பு 03.06.1961), தாய் பஞ்சவர்ணம் முனியசாமி (பிறப்பு 17.02.1966) ஆகியோரை கனடாவுக்கு அழைக்கிறேன். முகவரி: 14, கடற்கரைத் தெரு, மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம், தமிழ்நாடு 623518.

நான் கலைவாணி செந்தில்குமார், பிறப்பு 22.08.1992, கனடாவின் நிரந்தரக் குடியிருப்பாளர். 27, மேப்பிள்வுட் சாலை, பிராம்ப்டன், ஒன்டாரியோவில் வசிக்கிறேன். தொலைபேசி 416-555-0142. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். ஆண்டு வருமானம் 68,000 கனடிய டாலர். வீட்டில் மூன்று பேர்: நான், கணவர் செந்தில்குமார் (11.01.1989), மகள் யாழினி (09.05.2025).

யாழினியின் முதல் பிறந்தநாளுக்காக அவர்கள் 20.04.2026 அன்று வந்து 07.06.2026 அன்று திரும்புவார்கள். எங்கள் வீட்டிலேயே தங்குவார்கள். விமானக் கட்டணம், உணவு, மருத்துவக் காப்பீடு அனைத்தும் என் பொறுப்பு.

இந்தத் தேதிகளுக்குக் காரணம் உண்டு. என் தந்தைக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மற்ற மாதங்களில் அவரால் இவ்வளவு நாள் ஊரை விட்டு வர முடியாது. படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கும் வேலையை என் தம்பி கவனித்துக்கொள்வார். ஆனால் தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போவதற்குள் ஆட்களுக்கு முன்பணம் கொடுப்பது, வலை, டீசல், ஐஸ் ஏற்பாடு செய்வது எல்லாம் தந்தையின் கையில்தான் இருக்கின்றன. அந்த ஒரு வாரத்தை விட்டுத்தான் திரும்பும் நாளை வைத்திருக்கிறோம். தாயின் பராமரிப்பில் 84 வயதான என் பாட்டி இருக்கிறார். இந்த ஏழு வாரமும் சித்தி வந்து பார்த்துக்கொள்வார். தம்பியும் அவர் பிள்ளைகளும் அதே வீட்டில் வாழ்கிறார்கள்.

நிரந்தரக் குடியிருப்பு அட்டையின் நகல், வேலைச் சான்று, மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு, வங்கி அறிக்கை, மகளின் பிறப்புச் சான்று, பெற்றோர் பெயர் உள்ள என் பிறப்புச் சான்று ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். படகின் பதிவுச் சான்றையும் வீட்டுப் பத்திரத்தையும் தந்தை தம் விண்ணப்பத்துடன் தருவார்.

இப்படிக்கு,
கலைவாணி செந்தில்குமார்
பிராம்ப்டன், 12.01.2026