ஐந்து சர்க்கரைகள், ஒரே ஈஸ்ட்: வெளிவந்த கார்பன் டை ஆக்சைடை அளந்து ஒப்பிட்ட ஆய்வறிக்கை

கேள்வி

ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைத்து எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது:

C₆H₁₂O₆ → 2 C₂H₅OH + 2 CO₂

வாயுவை அளந்தால் நொதித்தல் எவ்வளவு நடந்தது என்று தெரிந்துவிடும். ரொட்டி ஈஸ்டுக்கு (சாக்கரோமைசஸ் செரிவிசியே) குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், மால்டோஸ், லாக்டோஸ் ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கொடுத்தால் 40 நிமிடத்தில் எதிலிருந்து எவ்வளவு வாயு வரும் என்பதே எங்கள் கேள்வி.

தொடங்கும் முன்பே எங்கள் ஊகத்தை நோட்டில் எழுதி வைத்தோம். குளுக்கோஸ் முதலிடம், ஃபிரக்டோஸ் அதன் பக்கத்தில். சுக்ரோஸை முதலில் இரண்டாக உடைக்க வேண்டும் என்பதால் அது நன்றாகவே பின்தங்கும். மால்டோஸ் அதற்கும் பின்னால். லாக்டோஸில் ஒன்றும் வராது. இதில் ஓர் இடத்தில் தவறிவிட்டோம், அது பின்னால் வருகிறது.

எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை

மாற்றியது சர்க்கரையின் வகையை மட்டும். அளந்தது 40 நிமிடத்தில் வெளிவந்த வாயுவின் கன அளவு. மற்றவை எல்லாக் குடுவையிலும் ஒன்றே: கரைசல் 40 மி.லி., ஈஸ்ட் கலவை 10 மி.லி., 100 மி.லி. கூம்புக் குடுவை, ஒரே நீளத்துக்கு வெட்டிய சலைன் குழாய், 37 °C தண்ணீர்த் தொட்டி.

சர்க்கரை குடுவைக்கு 2.00 கிராம். இங்கே ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ஆய்வகத்தில் இருந்த மால்டோஸும் லாக்டோஸும் ஒரு மூலக்கூறு நீரோடு படிகமானவை. அவற்றை 2.00 கிராம் நிறுத்தால் உண்மையான சர்க்கரை 1.90 கிராம்தான் தேறும். அதனால் அவை இரண்டையும் 2.11 கிராம் எடுத்தோம். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியை வேண்டாம் என்று விட்டதற்கும் அதில் வேறு சேர்மானங்கள் இருப்பதுதான் காரணம். கருப்பட்டியையும் சேர்க்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அதில் சுக்ரோஸோடு தாது உப்புகளும் இன்னும் பலவும் கலந்திருக்கின்றன. வாயு கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது என்பதால் அதை விட்டுவிட்டோம்.

ஈஸ்டைக் குடுவைக்கு அரை கிராம் என்று தனித்தனியே நிறுக்கவில்லை. உலர் ஈஸ்ட் 4.0 கிராமை 37 °C தண்ணீரில் கரைத்து 80 மி.லி. ஆக்கி, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு 10 மி.லி. பிப்பெட்டால் எடுத்தோம். கலக்காமல் எடுத்தால் ஈஸ்ட் அடியில் தங்கிக் கடைசிக் குடுவைக்கு அதிகம் போய்விடும். ஊறும் தண்ணீரில் சர்க்கரை போடவில்லை. போட்டிருந்தால் ஒப்பீடே கெட்டிருக்கும்.

கட்டுப்பாட்டுக் குடுவைகள்

மூன்று வைத்தோம்.

முதலாவது, ஈஸ்ட் உண்டு, சர்க்கரை இல்லை. உலர் ஈஸ்ட் தன் உடலுக்குள்ளேயே கிளைக்கோஜனும் டிரெஹலோஸும் சேமித்து வைத்திருக்கிறது. நாம் எதுவும் கொடுக்காவிட்டாலும் அதைக் கரைத்துக் கொஞ்சம் வாயு விடும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரிந்தால்தான் மற்றக் குடுவைகளின் கணக்கிலிருந்து கழிக்க முடியும்.

இரண்டாவது, குளுக்கோஸ் உண்டு, ஈஸ்ட் கலவைக்குப் பதில் 10 மி.லி. தண்ணீர். குடுவை சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறுவதை இது காட்டும்.

மூன்றாவது, குளுக்கோஸும் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்ட ஈஸ்டும். பொடியில் உள்ள ஏதோ ஒரு பொருள் சர்க்கரையோடு வினைபுரிந்து வாயு விடவில்லை, உயிருள்ள செல்தான் வேலை செய்கிறது என்று காட்ட இது வேண்டும்.

செய்முறை

வாயுவைச் சேர்க்க, தலைகீழாகக் கவிழ்த்த 100 மி.லி. அளவு உருளையைப் பயன்படுத்தினோம். உருளையில் சாதாரணத் தண்ணீர் இல்லை, கல்லுப்பு இனி கரையாது என்னும் வரை போட்ட உப்புநீர். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் நன்றாகவே கரையும், உப்புநீரில் குறைவாகத்தான் கரையும்.

எட்டுக் குடுவைகளையும் கரைசலோடு ஒரே தொட்டியில் 15 நிமிடம் வைத்து, சூடு சமமான பிறகுதான் ஈஸ்டைச் சேர்த்து ரப்பர் தக்கையை மூடினோம். ஒரு குடுவைக்கும் அடுத்ததற்கும் ஒரு நிமிட இடைவெளி. எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். குடுவைகளில் எண் மட்டுமே ஒட்டியிருந்தது. உருளையைப் பார்த்து அளவு சொன்னவருக்கு எந்த எண் எந்தச் சர்க்கரை என்று தெரியாது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் குடுவையை மூன்று சுழற்று சுழற்றினோம். இல்லையென்றால் வாயு கரைசலிலேயே தங்கிவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுத்தோம். தொட்டியின் சூடு 36 °C-க்குக் கீழே இறங்கினால் வெந்நீர் ஊற்றிச் சரிசெய்தோம்.

முதல் நாள் செய்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று குளுக்கோஸ் குடுவையில் 22 மி.லி.தான் வந்தது. தக்கையில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஓரத்தில் நுரை குமிழ் குமிழாக வந்தது. கசிவு. அந்த ஒரு குடுவையை மட்டும் நீக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் மற்ற ஏழு தக்கைகளையும் அன்று நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பிடிக்காத எண்ணை மட்டும் சந்தேகப்படுவது முறையில்லை என்பதால் அந்த நாளின் எட்டு அளவுகளையும் நீக்கினோம். அடுத்த மூன்று முறையும் தொடங்கும் முன்பே எல்லாத் தக்கைக்கும் சோப்புச் சோதனை செய்தோம்.

முடிவுகள்

40 நிமிடத்தில் சேர்ந்த வாயு, மி.லி.:

| குடுவை | முறை 1 | முறை 2 | முறை 3 | சராசரி | கழித்த பின் |
|---|---|---|---|---|---|
| குளுக்கோஸ் | 61 | 57 | 63 | 60.3 | 56.6 |
| சுக்ரோஸ் | 58 | 60 | 56 | 58.0 | 54.3 |
| ஃபிரக்டோஸ் | 52 | 49 | 54 | 51.7 | 48.0 |
| மால்டோஸ் | 15 | 11 | 19 | 15.0 | 11.3 |
| லாக்டோஸ் | 4 | 3 | 4 | 3.7 | 0.0 |
| சர்க்கரை இல்லை | 3 | 3 | 5 | 3.7 | – |
| ஈஸ்ட் இல்லை | 0 | 1 | 0 | 0.3 | – |
| கொதித்த ஈஸ்ட் | 1 | 1 | 0 | 0.7 | – |

கடைசிப் பத்தியில் கழித்தது சர்க்கரை இல்லாத குடுவையின் சராசரியை. காற்று விரிவும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால் அதைத் தனியாகக் கழிக்கவில்லை.

மூன்றாம் முறையில் குளுக்கோஸ் குடுவை 10, 20, 30, 40ஆம் நிமிடங்களில் காட்டியது 8, 24, 43, 63. மால்டோஸ் காட்டியது 2, 5, 10, 19. மால்டோஸின் ஏற்றம் கூடிக்கொண்டே போனதால் நேரம் முடிந்தும் அந்த இரண்டு குடுவைகளையும் சர்க்கரை இல்லாததையும் அப்படியே விட்டோம். குளுக்கோஸ் உருளை 59ஆம் நிமிடத்தில் 100 மி.லி. தொட்டு நிரம்பியது. மால்டோஸ் 60ஆம் நிமிடத்தில் 38, 80ஆம் நிமிடத்தில் 66. சர்க்கரை இல்லாதது 80ஆம் நிமிடத்திலும் 7-ஐத் தாண்டவில்லை.

வாயு எது என்று பார்த்தது

நான்காவதாக ஒரு குளுக்கோஸ் குடுவையை, அளப்பதற்காக இல்லாமல், தனியாக வைத்து அதன் குழாயைச் சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டோம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீர்தான். சில நிமிடங்களில் பால்போல் வெளுத்தது.

நிரம்பியிருந்த குளுக்கோஸ் உருளைக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் செலுத்திப் பார்த்தோம். அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும், உருளை முழுக்க உப்புநீர் ஏறிவிடும் என்று காத்திருந்தோம். 64 மி.லி.யில் நின்றுவிட்டது. சோதனையே தப்போ என்று பத்து நிமிடம் கலங்கிப் போனோம். அப்புறம்தான் உறைத்தது. குடுவையில் கரைசலுக்கு மேலே ஏறக்குறைய 80 மி.லி. காற்று இருக்கிறது. ஈஸ்ட் விடும் வாயு முதலில் அந்தக் காற்றைத்தான் தள்ளிக்கொண்டு வருகிறது. உருளையில் சேர்ந்ததில் பெரும்பகுதி காற்று. ஆனால் ஒரு மி.லி. வாயு உண்டானால் ஒரு மி.லி. ஏதோ ஒன்று வெளியே தள்ளப்படுகிறது என்பதால் எங்கள் கன அளவுக் கணக்கு இதனால் மாறவில்லை.

விளக்கம்

லாக்டோஸ் குடுவை மூன்று முறையும் வாயு காட்டியது. சர்க்கரை இல்லாத குடுவை பக்கத்தில் இருந்திராவிட்டால் 'லாக்டோஸ் மெதுவாக நொதிக்கிறது' என்று எழுதியிருப்போம். இரண்டும் ஒரே அளவு என்பதால், அந்த 3.7 மி.லி. ஈஸ்டின் சொந்தக் கையிருப்பிலிருந்து வந்தது என்கிறோம். இந்த ஈஸ்டிடம் லாக்டோஸை உள்ளே எடுக்கும் புரதமும் இல்லை, அதை உடைக்கும் லாக்டேஸ் நொதியும் இல்லை.

சுக்ரோஸில்தான் எங்கள் ஊகம் பொய்த்தது. அது பின்தங்கவே இல்லை. ஈஸ்ட் இன்வர்டேஸ் நொதியைச் செல்லுக்கு வெளிப்புறத்திலேயே வைத்திருக்கிறது. சுக்ரோஸ் உள்ளே போகும் முன்பே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடுகிறது. உடைக்கும் வேலை உண்டு, ஆனால் அது தாமதமாக்கும் வேலை இல்லை. குளுக்கோஸுக்கும் சுக்ரோஸுக்கும் இடையே தெரியும் 2.3 மி.லி. வித்தியாசத்தை நாங்கள் வித்தியாசம் என்று சொல்லவில்லை. 57 முதல் 63 வரை, 56 முதல் 60 வரை என்று இரண்டின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஃபிரக்டோஸின் 49–54 குளுக்கோஸோடு மோதவில்லை. அதனால் அது சற்று மெதுவானது என்று சொல்லத் துணிகிறோம், மூன்றே முறை செய்தது என்ற எச்சரிக்கையோடு.

மால்டோஸ் வேறு கதை. 40 நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் 'மோசமான உணவு' என்று முத்திரை குத்தியிருப்போம். 60க்கும் 80க்கும் இடையே அது 28 மி.லி. விட்டது. குளுக்கோஸ் தன் நல்ல வேகத்தில் 20 நிமிடத்துக்கு 39 மி.லி. விட்டது. மால்டோஸை உள்ளே எடுக்கும் புரதத்தையும் அதை உடைக்கும் மால்டேஸையும் ஈஸ்ட் தேவை வந்த பிறகுதான் நிறைய உண்டாக்குகிறது. அந்த ஏற்பாட்டுக்குப் பிடிக்கும் நேரத்தைத்தான் எங்கள் 40 நிமிடம் அளந்திருக்கிறது.

குறைகள்

குளுக்கோஸ் 2 கிராமும் முழுதாக நொதித்தால் அரை லிட்டருக்கு மேல் வாயு வரவேண்டும். எங்களுக்கு வந்தது அதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே இந்த அட்டவணை எந்தச் சர்க்கரையில் அதிக வாயு 'இருக்கிறது' என்று சொல்லவில்லை, தொடக்கத்தில் எது வேகமாகப் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

குடுவையிலுள்ள 50 மி.லி. கரைசல் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உண்மையான அளவுகள் எங்கள் எண்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்த இழப்பை நாங்கள் அளக்கவில்லை. இரண்டாம் முறையில் மின்சாரம் போனதால் வெந்நீர் தாமதமாகித் தொட்டி ஏழு நிமிடம் 34 °C-இல் இருந்தது. அன்று மால்டோஸ் 11 மட்டுமே காட்டியதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் எட்டுக் குடுவைகளும் அதே தொட்டியில் இருந்ததாலும், 36-க்குக் கீழே போனால் நீக்குவோம் என்று முன்பே விதி எழுதி வைக்காததாலும் அந்த முறையை அட்டவணையிலேயே விட்டிருக்கிறோம். அடுத்த முறை மால்டோஸுக்கு 120 நிமிடமும், நிரம்பி வழியாதபடி 250 மி.லி. உருளையும் வைக்க வேண்டும்.