தைப்பொங்கல் காலை, எங்கள் வீட்டு வாசல்

தை ஒன்று, காலை ஆறரை மணி தாண்டி எடுத்த படம். உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் எங்கள் ஊர். கோலம் போட்டது மதினி. அண்ணனுக்குக் கல்யாணமான பிறகு வரும் முதல் பொங்கல். திண்ணையில் சாய்த்திருக்கும் கரும்புக்கட்டும் மஞ்சள் கொத்தும் பரமக்குடியிலிருந்து மதினி வீட்டார் கொண்டுவந்த பொங்கல் சீர். பக்கத்தில் கட்டுக்கட்டாக இருக்கும் பனங்கிழங்கு மட்டும் எங்கள் தோட்டத்தது.

கோலம் அழகு என்று எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். அழகுதான். நான் காட்ட நினைத்தது அதற்கு அடியில் இருப்பதை. படத்தில் ஒரு கறுப்புச் சதுரம் தெரிகிறதா? அதைச் சுற்றி எல்லாம் வெளிறிய மணல். அந்தச் சதுரம் இல்லையென்றால் கோலமே கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் வாசல் என்றால் மணல்தான். தண்ணீர் தெளித்தால் ஊற்றின சுவடு தெரியாமல் உள்ளே போய்விடும். சாணி கரைத்துத் தெளித்தாலும் மேலே படியாது. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காகப் பெயரும். அதன்மேல் கோலப்பொடியை இழுத்தால் பாதி மணலுக்குள் இறங்கிவிடும், மீதி வெள்ளைமேல் வெள்ளையாக நிற்கும். மதினி கார்த்திகை மாதம் இங்கே வந்த புதிதில் மூன்று நாள் போட்டுப் பார்த்தார். நாலாம் நாள், "இங்க எப்படித்தான் கோலம் போடுறீக?" என்று அப்பத்தாவிடமே கேட்டுவிட்டார். அப்பத்தா அதற்காகத்தான் மூன்று நாள் காத்திருந்ததுபோல, "கேப்பன்னு தெரியும்" என்றது.

வழி இதுதான். கோடையில் கண்மாய் வற்றி வெடித்துக் கிடக்கும்போது ஒரு நாலு சாக்குக் கரம்பை மண் அள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டால் கிடைக்காது, எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். கார்த்திகை கடைசியில் அந்தக் கட்டிகளை உடைத்து, ஊறவைத்து, காலால் மிதித்து, சாணியும் சேர்த்து வாசலில் மெத்தி, தட்டுப்பலகையால் தட்டிவிட வேண்டும். நிழலில் காய வேண்டும். வெயிலில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் இரண்டு நாள் மேலே பனையோலை பரப்பிவைப்போம். அப்புறம் மார்கழி முழுக்க, தை முழுக்க அந்த இடம் சிமெண்டுத் தரை மாதிரி நிற்கும். ஏன் சிமெண்டே போட்டுவிடக் கூடாது என்று அண்ணன் வருஷாவருஷம் கேட்பான். உப்புக்காற்றில் சிமெண்டு பூத்துப்போவதைப் பக்கத்துத் தெருவில் பார்த்திருக்கிறோம், அது ஒரு காரணம். அப்பத்தா விடாது என்பது இன்னொன்று.

இந்த வருஷத்துக் கரம்பை ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பக்கமிருந்து அப்பா வண்டியில் கட்டிவந்தது. வைகைத் தண்ணீர் பரமக்குடியைத் தாண்டி அங்கேதான் வந்து சேரும். மிதிக்கும்போது அப்பா சும்மா சொன்னார்: "ஒங்க ஊரு வழியா வந்த வண்டல்தாம்மா இது." மதினி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு மிதிக்கிற வேலையை வேறு யாரையும் செய்யவிடவில்லை.

சரி, கோலத்துக்கு வருகிறேன். பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்தியது, இடுக்குப்புள்ளி. நடு வரிசையில் 15. மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. மொத்தம் 169 புள்ளி, நான் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். நடுவில் தாமரை, ஆறு மூலையிலும் ஆறு மீன். மீன் யோசனை மதினியுடையது, கடற்கரைக்கு வந்தாச்சே என்று போட்டாராம். அது என்ன மீன் என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பையன் யோசிக்காமல் "ஓரா" என்றான். துடுப்பைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது கீழ் இடது மூலையைப் பாருங்கள். ஐந்து மீன் தாமரையைப் பார்க்கின்றன, அது மட்டும் வெளியே பார்க்கிறது. விடிகாலை நாலரைக்கு ஆரம்பித்த வேலை. அண்ணன்தான் கைபேசி வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். பாதித் தூக்கத்தில் கையைத் தொங்கவிட்டுவிட்டான். அந்த இருட்டில் தலை எது வால் எது என்று மாறிவிட்டது. மதினி அழிக்கப் போனார். அப்பத்தா, "விடுத்தா, ஒண்ணாவது கடலுக்குப் போகட்டும்" என்று தடுத்துவிட்டது.

வடக்குப் பக்கக் கோடுகள் தடிமனாகவும் தெற்குப் பக்கம் மெல்லிசாகவும் இருப்பதற்குக் காரணம் வாடைக்காற்று. தை பிறந்தும் அது விடவில்லை. ஒரு பக்கம் பனையோலைத் தட்டியை நிறுத்திப் பார்த்தோம், அது இரண்டு தடவை சாய்ந்தது. கடைசியில் மதினி காற்றுக்கு முதுகு கொடுத்துக் குத்தவைத்து, கையைத் தரையோடு ஒட்டவைத்து இழுத்தார். உயரத்திலிருந்து பொடி விடுவதெல்லாம் உள்நாட்டுப் பழக்கம், இங்கே எடுபடாது. சுற்றியிருக்கும் காவிப் பட்டைக்கு மட்டும் பொடி இல்லை. காவிக்கல்லைக் கரைத்துத் துணியால் இழுத்தது. அதுதான் அசையாமல் நிற்கிறது.

நிலைப்படியில் சின்னதாக நாலு இழை தெரியும், ஈரமாக. அது அரிசிமாவு. வாசலில் போட்டது கடையில் வாங்கிய கல்பொடி. இதில் அப்பத்தாவுக்கு மனத்தாங்கல்: "எறும்பு என்னத்தத் திங்கும்?" அதனால் படியில் இருப்பதாவது அரிசிமாவாக இருக்கட்டும் என்று ஏற்பாடு. எறும்புக்குத் தகவல் போய்விட்டது. படியின் வலது முனையில் கறுப்பாக நூல் மாதிரி தெரிவது கோடு இல்லை.

எதிர்வீட்டு வாசலில் மங்கலாகத் தெரியும் காகித நட்சத்திரம் கிறிஸ்துமஸுக்குக் கட்டியது, இன்னும் இறக்கவில்லை. அந்த வீட்டு அக்காதான் எங்களுக்கு மஞ்சள் பொடி தீர்ந்தபோது ஒரு பொட்டலம் கொடுத்தது. தாமரைக்கு நடுவில் இருக்கும் மஞ்சள் அவர்களுடையது.

படத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் மூன்று செங்கல் ஏன் என்று கேட்பீர்கள். அடுப்பு. ஏழு மணிக்கு அதே தாமரைமேல் மூன்றையும் வைத்து, பனையோலையும் காய்ந்த மட்டையும் போட்டு எரித்து, கிழக்கே பார்த்துப் பானை ஏற்றினோம். ஓலை நெருப்பு பக்கென்று பிடிக்கும், சட்டென்று அணையும். ஒரு ஆள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பானை பொங்கி வழிந்து, கருப்பட்டிப் பாகு மணம் தெரு முழுக்க அடிக்கும்போது நடுக்கோலம் சாம்பலாகியிருந்தது. மூலை மீன் ஆறும் தப்பித்தன. அதாவது, எதிர்வீட்டுச் சேவல் வரும்வரை.

ஆக, முழுக்கோலமும் வெளிச்சத்தில் இருந்தது அரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் நான் எடுத்தது ஏழு படம். ஆறில் யாராவது குறுக்கே வந்துவிட்டார்கள். இதிலும் வலது ஓரத்தில் ஒரு கால் கட்டைவிரல் இருக்கிறது, வெள்ளி மெட்டியோடு. அப்பத்தாவுடையது. கொஞ்சம் நகரச் சொன்னேன். "கோலத்தத்தானடி எடுக்குற, நான் எதுக்கு நகரணும்?" என்று அங்கேயே நின்றது.