இன்றைய இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்கு நன்றி, கூடவே என் பதிலில் ஒரு திருத்தம்

வணக்கம் மேடம்,

இன்று காலை 11 மணிக்கு, தமிழ்த் தேடல் குழுவின் இன்டர்ன்ஷிப்புக்காக உங்களைச் சந்தித்த நிவேதா எழுதுகிறேன். அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசினீர்கள். நன்றி. “மெயில் எதுவானாலும் தமிழிலேயே போடுங்கள்” என்றதால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ‘கொத்தமல்லி’களில் ஒன்று மட்டும் ஏன் தேடலில் சிக்குவதில்லை என்று கேட்டீர்கள். ‘கொ’வின் குறியை U+0BCA என ஒன்றாகவும் வைக்கலாம், U+0BC6, U+0BBE என இரண்டாகவும் வைக்கலாம், NFC-க்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்றேன். அதுவரை சரி. “அப்போ எல்லாம் தீர்ந்ததா?” என்றீர்கள். நான் யோசிக்காமல் “தீர்ந்தது மேடம்” என்றுவிட்டேன். நீங்கள் சிரித்ததன் அர்த்தம், காடுகோடியில் மெட்ரோ ஏறி அல்சூர் வருவதற்குள்தான் பிடிபட்டது.

சௌசௌ! நம் ஆட்கள் பெங்களூர் கத்திரிக்காய் என்று இந்த ஊர் பெயரையே வைத்திருக்கும் காய். பலர் அதை ‘ள’ என்ற எழுத்தைத் தட்டி ‘செளசெள’ என்றே எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஆனால் NFC இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் இவை வேறு வேறு எழுத்துகள்.

‘ெள’ வரும் இடத்திலெல்லாம் ‘ௌ’ போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படிச் செய்தால் ‘தெளிவு’ உடைந்துவிடும்; ‘கெளம்பிட்டேன்’ என்று பேச்சுவழக்கில் எழுதியதும் கெட்டுவிடும். அதனால் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்:

```python
import unicodedata

def key(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return s.replace("\u0bcc", "\u0bc6\u0bb3")
```

சரக்குப் பட்டியலுக்கும் பயனர் தட்டுவதற்கும் இதே சாவி. திரையில் காட்டுவது பழையபடி ‘சௌசௌ’வாகவே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் இருபது முப்பது காய்கறிப் பெயர்களில் ஓட்டிப் பார்த்தேன், எதுவும் இடறவில்லை. உங்கள் முழுப் பட்டியலில் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

தேடிக் கிடைக்காத சொற்களை இன்டர்ன்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றீர்கள். சலிப்பான வேலை என்று எச்சரித்தீர்கள், எனக்கு என்னவோ அதுதான் ஆசையைக் கிளப்பியது. வீட்டில் பாட்டி குரலில் கேட்கிற பெயர்கள் பாதி எந்த ஆப்பிலும் வருவதில்லை.

அப்புறம், சேரும் தேதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்லூரியில் விசாரித்துவிட்டேன். கடைசித் தேர்வு மே 29. ஜூன் 2-ஆம் தேதியிலிருந்து ஆறு மாதமும் முழுநேரமாக வர முடியும். துறைத் தலைவரின் அனுமதிக் கடிதம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், இரண்டு நாளில் வாங்கி அனுப்புகிறேன்.

நன்றியுடன்,
நிவேதா