ஆண்டுப் பணி மதிப்பீடு 2024–25: டிஸ்பாட்ச் மேற்பார்வையாளர், மாதவரம் கிடங்கு (திருத்திய வாசகம்)

மார்ச் இறுதியில் உங்களிடம் தந்த மதிப்பீட்டில் “கவனக்குறைவு அதிகம், பொறுப்புணர்வு போதாது, குழுவுடன் ஒத்துப்போவதில்லை” என்று எழுதியிருந்தேன். எந்த நாளில் எது நடந்தது என்று நீங்கள் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே அந்த மூன்று வரிகளையும் திரும்பப் பெற்று, பதிவேட்டைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

ஆண்டு முழுவதும் 11 லோடுகளில் இ-வே பில்லில் இருந்த வண்டி எண்ணும் கிளம்பிய லாரியின் எண்ணும் வேறுபட்டிருந்தன. கோயம்புத்தூர் லோடு ஒன்று இதனால் வழியில் நிறுத்தப்பட்டு, சரக்கு ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்தது. இவற்றுள் 6 லோடுகளுக்கு லாரி மாறிய தகவலை டிரான்ஸ்போர்ட் அலுவலகம் இரவு ஏழு மணிக்குப் பிறகு, அதுவும் டிரைவர் வாய்வழியாகவே, தெரிவித்திருக்கிறது; அவற்றை உங்கள் கணக்கில் எழுதுவது நியாயமன்று. மற்ற 5 லோடுகளுக்கு மாலை நான்கு மணிக்கு முன்பே வாட்ஸ்அப்பில் தகவல் வந்திருந்தும் பில்லின் ‘பகுதி பி’ திருத்தப்படவில்லை. என் குறை இந்த ஐந்தைப் பற்றியது மட்டுமே. முதல் தவறு ஜூலையிலேயே என் பார்வைக்கு வந்தும், அப்போதே உங்களை அழைத்துப் பேசாமல் விட்டது என் பிழை.

நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையால் தள்ளிப்போன லோடுகளை முந்தைய வாசகத்தில் தாமதக் கணக்கில் சேர்த்திருந்தேன், அவற்றை நீக்கிவிட்டேன். அந்த வாரம் தரைமட்ட அடுக்கில் இருந்த அட்டைப்பெட்டிகளை முந்தைய இரவே மேலே ஏற்றி வைத்ததால் ஒரு பெட்டிகூட நனையவில்லை என்பதை அப்போதே எழுத்தில் பாராட்டியிருக்க வேண்டும்.

“ஒத்துப்போவதில்லை” என்ற சொல் ஒரே நிகழ்ச்சியிலிருந்து வந்தது. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, பெட்டிகளை மாற்றி அடுக்கிய இரண்டு லோடுமேன்களை டிரைவர்கள் முன்னிலையில் உரக்கக் கண்டித்தீர்கள். தவறு அவர்களுடையதுதான், ஆனால் அதன்பின் அவர்களில் ஒருவர் உங்கள் ஷிப்டைத் தவிர்க்கிறார். இனி இத்தகைய பேச்சைத் தனியே அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மே 1 முதல், கேட் பாஸில் கையெழுத்திடும் முன் லாரியின் நம்பர் பிளேட்டை பில்லுடன் நீங்களோ உங்கள் உதவியாளரோ நேரில் ஒப்பிட வேண்டும். எண் பொருந்தாத லாரியை, விற்பனைப் பிரிவு எவ்வளவு அவசரப்படுத்தினாலும், நிறுத்தி வைக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. லாரி மாற்றத்தை எழுத்தில் மட்டுமே தெரிவிக்குமாறு டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்கு நான் கடிதம் அனுப்புகிறேன். ஜூலை 31 அன்று இருவரும் மூன்று மாதப் பதிவேட்டைப் பார்ப்போம். தகவல் உரிய நேரத்தில் வந்த லோடுகளில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது என்பதே இலக்கு.

தரநிலை ஐந்துக்கு 2 என்றிருந்தது 3 எனத் திருத்தப்படுகிறது. இதில் உடன்படாத இடம் இருந்தால், கையெழுத்திடும் முன் கீழே உங்கள் சொற்களில் எழுதுங்கள்; அதுவும் கோப்பில் இருக்கும்.

கிடங்கு மேலாளர்
சென்னை, 21 ஏப்ரல் 2025