கல்லா, மணலா?

கேள்வி: “கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கருங்கல் கொட்டுவதே சரியான வழி.” இக்கருத்தை ஏற்கிறீர்களா? மாற்றுக் கருத்தையும் எடுத்துப் பேசி, உங்கள் நிலையை எழுதுக. நேரம்: 40 நிமிடம்.

என் தாத்தா புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் கட்டுமரம் ஏறியவர். அவர் இளைஞராக இருந்தபோது கரைவலை இழுக்க ஆட்கள் மணலில் வரிசையாக நிற்பார்களாம். அந்த இடத்தில் நான் பார்த்து வளர்ந்தது கருங்கல் குவியலைத்தான். கல் நம் வீட்டுச் சுவரைக் கொஞ்ச காலம் காக்கும், கரையைக் காக்காது. கரைக்கு வேண்டியது அதன் மணல்தான் என்பது என் கருத்து.

மணல் ஏன் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திசை மாறும். மொத்தக் கணக்கில் மணல் வடக்கே போகிறது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். அந்தச் சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்தது. வருகிற மணலை நிறுத்திவிட்டோம், ஆனால் அலை எடுத்துப் போவது நிற்கவில்லை.

கல் வேண்டும் என்பவர்களின் வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து இருக்கும் கல் அரண்தான் புதுச்சேரி நகரின் மையப் பகுதியைக் காத்தது. அதே நாளில் அப்படி ஓர் அரண் இல்லாத கடலூர் தேவனாம்பட்டினத்தில் எத்தனையோ குடும்பங்கள் உறவுகளை இழந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அலை வாசல்வரை வந்துவிட்ட ஒரு வீட்டுக்காரரிடம் போய், “மணல் சேரும்வரை பொறுங்கள்” என்று யார் சொல்வது? லாரியில் கல் வந்தால் சில நாட்களில் தடுப்பு நிற்கும், அந்த வீட்டுப் பிள்ளைகள் இரவில் தூங்குவார்கள். இது உண்மையான நியாயம். எங்கள் தெருவிலும் கல் கேட்டு மனுக் கொடுத்தவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வாதம் இரண்டு ஆபத்துகளை ஒன்றாக்கிப் பேசுகிறது. சுனாமி என்றோ ஒரு நாள் வருவது. அரிப்போ தினமும் நடப்பது. என்றோ வரும் பேரலைக்கு எதிராக நின்ற சுவர், தினமும் நடக்கும் அரிப்பையும் நிறுத்தும் என்று கொள்ள முடியாது. கல்லில் மோதும் அலை திரும்பும்போது அதன் அடியில் இருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. அடிமணல் போனதும் கல் இறங்குகிறது, மேலே மறுபடி கொட்ட வேண்டியிருக்கிறது. இன்னொன்று, கல் முடியும் இடத்தில் அரிப்பு முடிவதில்லை. அங்கிருந்துதான் அடுத்த ஊருக்குத் தொடங்குகிறது. நகரத்துக்குக் கொட்டினோம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று தேவை வடக்கே நகர்ந்தது. பிறகு எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்வரை தமிழ்நாட்டு ஊர்களும் அதே துன்பத்தைப் பார்த்தன. ஒரு குப்பத்தின் நிம்மதியை அடுத்த குப்பத்திடமிருந்து வாங்கித் தருவதை எப்படித் தீர்வு என்பது? காக்கப்பட்ட குப்பத்துக்கும் முழு நிம்மதி இல்லை. கல் மேல் ஃபைபர் படகை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது, அம்மாக்கள் கருவாடு காயவைக்க இடம் கிடையாது. வீடு தப்பியது, தொழில் போனது.

மணல் திரும்பாது என்பவர்கள் தலைமைச் செயலகத்துக்கு எதிரே போய்ப் பார்க்கலாம். அங்கே கடலுக்குள் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். கல் மட்டுமே இருந்த அந்த இடத்தில் இப்போது குழந்தைகள் மணலில் விளையாடுகிறார்கள். அதுவும் கடலுக்குள் வைத்த தடுப்புத்தான், எனவே அதன் வடக்கே என்ன ஆகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு, வீடு விழும் நிலையில் இருக்கும் இடத்தில் மட்டும் கல் போடட்டும், ஒப்புக்கொள்கிறேன். அதே வாரத்தில் முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்பும் வேலையும் தொடங்க வேண்டும். ஆண்டுதோறும், புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்து, எல்லைக் கல்லைப் பார்க்காமல் அதைச் செய்ய வேண்டும். முதல் மணல் வைத்திக்குப்பத்துக்கு வரவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. தெற்கிலிருந்து வரிசையாக வரட்டும்.