30 பாகை இன்கியூபேட்டர், எண் 2: வெப்பநிலைச் சீர்மை அளவீட்டு அறிக்கை

நுண்ணுயிரியல் பிரிவு, மூன்றாம் மாடி, பொரளை, கொழும்பு 8
அளவீட்டுக் காலம்: 2025 மார்ச் 17 முதல் 25 வரை

நோக்கம்

உணவு மாதிரிகளின் மொத்த நுண்ணங்கி எண்ணிக்கையை ஐஎஸ்ஓ 4833-1 முறைப்படி கணிப்பதற்கு எண் 2 இன்கியூபேட்டரைப் பயன்படுத்துகிறோம். இம்முறை 30±1 பாகை செல்சியஸில் 72±3 மணித்தியாலம் வளர்க்குமாறு கூறுகிறது. முகப்புத் திரையில் 30.0 என்று தெரிவது கட்டுப்பாட்டு உணரி இருக்கும் ஒரேயொரு புள்ளியின் நிலையையே காட்டும். கீழ்த் தட்டின் முன்மூலையில் இருக்கும் கிண்ணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆகவே கிண்ணங்கள் வைக்கப்படும் இடமெங்கும் 29.0 முதல் 31.0 வரையான எல்லை காக்கப்படுகிறதா என்பதை இந்த அளவீடு சோதித்தது. இவ்வறிக்கையின் வெப்பநிலைகள் அனைத்தும் பாகை செல்சியஸில் உள்ளன.

கருவியும் உணரிகளும்

இது உள்ளே மின்விசிறி கொண்ட, குளிரூட்டும் பகுதி இல்லாத இன்கியூபேட்டர். உள்ளளவு அகலம் 56, ஆழம் 40, உயரம் 48 சென்டிமீட்டர். மூன்று தட்டுகள் உண்டு. பத்து பிளாட்டினம் மின்தடை உணரிகளைத் தரவுப்பதிவியுடன் இணைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தோம். அளவுதிருத்தச் சான்றிதழ் உள்ள மேற்கோள் வெப்பமானியுடன், கலக்கப்படும் நீர்த்தொட்டியில் உணரிகள் அனைத்தையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டோம். இரு ஒப்பீடுகளுக்கும் இடையில் எந்த உணரியும் 0.1 பாகைக்கு மேல் விலகவில்லை. கீழே தரப்படும் அளவுகள் திருத்தம் சேர்த்தவை. அளவீட்டு ஐயப்பாடு ±0.3 பாகை (k = 2).

ஒன்பது உணரிகள் உள்ளே இருந்தன: எட்டு மூலைகளில் எட்டு, நடுவில் ஒன்று. பத்தாவது உணரியை இன்கியூபேட்டரின் பக்கச் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, அறையின் காற்றில் தொங்கவிட்டோம். இந்தப் பத்தாவது உணரி சம்பிரதாயத்துக்கு வைக்கப்பட்டதாகவே முதலில் தோன்றியது. கடைசியில் மிக அதிகம் சொன்னது அதுதான். மூலை உணரிகள் பக்கச் சுவர்களிலிருந்தும் கதவிலிருந்தும் 5 சென்டிமீட்டர் உள்ளே இருந்தன. மேல் வரிசை கூரையிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழேயும், கீழ் வரிசை கீழ்த் தட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலேயும் அமைந்தன. உணரியின் முனை உலோகத்தில் பட்டால் அது தட்டின் வெப்பத்தையே அளக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். கம்பிகளைக் கதவு இடுக்கினூடாக எடுக்காமல் பின்புறத் துளையினூடாக எடுத்துப் பஞ்சால் அடைத்தோம்; கதவு ரப்பர் சற்று எழும்பினாலே முன்மூலைகளின் அளவு பிழைத்துவிடும்.

ஓட்டங்கள்

நான்கு ஓட்டங்களை, ஒவ்வொன்றையும் வெப்பநிலை நிலைபெற்று மூன்று மணித்தியாலமாவது கழிந்த பின் தொடங்கி, 24 மணித்தியாலம் நடத்தினோம். முதலாவது வெற்று இன்கியூபேட்டரில் நடந்தது. எல்லாம் எல்லைக்குள் இருந்தன, சராசரிகளின் வேறுபாடு 0.9 பாகை மட்டுமே. ஆனால் வெற்று இன்கியூபேட்டரில் யாரும் கிண்ணம் வளர்ப்பதில்லை. இரண்டாவது ஓட்டத்தில், வளர்ப்பூடகம் ஊற்றிய 144 பெத்திரிக் கிண்ணங்களை, ஆறு ஆறாக அடுக்கி, தட்டுக்கு எட்டு அடுக்குகளாக இடைவெளி விட்டு வைத்தோம். அறையின் ஏசி முழு நேரமும் இயங்கியது; அறை 23.4 இலிருந்து 24.6 வரை இருந்தது.

| உணரி | இடம் | சராசரி | குறைவு | கூடிய அளவு |
|---|---|---|---|---|
| 1 | மேல், முன், இடது | 30.1 | 29.8 | 30.4 |
| 2 | மேல், முன், வலது | 30.0 | 29.7 | 30.3 |
| 3 | மேல், பின், இடது | 30.4 | 30.1 | 30.7 |
| 4 | மேல், பின், வலது | 30.6 | 30.3 | 30.8 |
| 5 | நடு | 30.2 | 29.9 | 30.4 |
| 6 | கீழ், முன், இடது | 29.5 | 29.2 | 29.8 |
| 7 | கீழ், முன், வலது | 29.4 | 29.1 | 29.7 |
| 8 | கீழ், பின், இடது | 29.9 | 29.7 | 30.2 |
| 9 | கீழ், பின், வலது | 30.0 | 29.8 | 30.3 |

மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் அளவும் 29.0 – 31.0 என்ற எல்லையைத் தாண்டவில்லை. இத்துடன் "ஏற்கத்தக்கது" என்று எழுதி முடித்திருக்கலாம். ஆயினும் ஐயப்பாட்டை இரு பக்கமும் கழித்தால் எஞ்சும் எல்லை 29.3 – 30.7 ஆகும். உணரிகள் 6, 7 இதன் கீழும், உணரி 4 இதன் மேலும் போகின்றன. மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் இடையே 1.7 பாகை உள்ளது. எஞ்சிய எல்லையின் அகலமோ 1.4 பாகைதான். எனவே வைப்பு வெப்பநிலையை எவ்வளவு மாற்றினாலும் ஒன்பது இடங்களும் ஒருசேர எல்லைக்குள் வராது. கீழ்த் தட்டின் முன்பாதியை விலக்கினால் மட்டும் குறைந்த அளவு 29.7 ஆக உயர்ந்து, பரவல் 1.1 பாகையாகச் சுருங்கும்.

இதன்படி கீழ்த் தட்டின் முன்பாதியில் கிண்ணம் வைப்பதை நிறுத்தி, திரையின் வைப்பு வெப்பநிலையை 29.8 ஆகக் குறைத்து, நான்காவது ஓட்டத்தை அதே அறை நிலையில் நடத்தினோம். எஞ்சிய ஏழு உணரிகளிலும் மிகக் குறைந்த அளவு 29.5, மிகக் கூடிய அளவு 30.6. கதவை 30 விநாடி திறந்து மூடியபோது மேல் முன்மூலை இரண்டும் 29 இற்குக் கீழே இறங்கி, 9 நிமிடத்தில் மீண்டன.

இரவு ஓட்டம்

மூன்றாவது ஓட்டம் எங்கள் அன்றாட வழக்கத்தின்படி நடந்தது. வைப்பு வெப்பநிலை 30.0 ஆகவே இருந்தது. பி.ப. 5.30 இற்கு ஏசியை நிறுத்திவிட்டுச் செல்வோம், மு.ப. 7.00 இற்குத் திரும்ப இயக்குவோம். மேற்குப் பக்க யன்னல் கொண்ட இந்த அறை, மார்ச் மாத இரவில் 28.6 வரை உயர்ந்ததைப் பத்தாவது உணரி காட்டியது. குளிரூட்டும் பகுதி இல்லாத இன்கியூபேட்டருக்கு வெப்பத்தைக் கூட்ட மட்டுமே தெரியும். வெப்பமூட்டி முற்றாக அணைந்த பின்னரும் விசிறி மோட்டாரின் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கியது. உணரி 4 பி.ப. 9.40 இற்கு 31.0 ஐத் தாண்டி, அதிகாலையில் 31.9 ஐத் தொட்டு, மு.ப. 7.20 இற்கே எல்லைக்குள் திரும்பியது. ஒன்பது மணி 40 நிமிடம் எல்லைக்கு வெளியே இருந்த அந்நாளுக்கு, வெப்பநிலைப் பதிவேட்டில் மு.ப. 9.00 மணிக்கு வழக்கம்போல் அழகான கையெழுத்தில் "30.0" என்று எழுதப்பட்டுள்ளது. எழுதியவர் கண்டதைத்தான் எழுதினார்; பார்த்த நேரந்தான் பிழை. 72 மணித்தியால வளர்ப்பில் இத்தகைய மூன்று இரவுகள் அடங்கக்கூடும்.

தீர்மானம்

எண் 2 இன்கியூபேட்டர், கீழ்த் தட்டின் முன்பாதி தவிர்ந்த இடங்களில், திரையில் 29.8 என வைத்து, அறை 25 பாகையைத் தாண்டாத நிலையில் மட்டும் 30±1 வளர்ப்புக்கு ஏற்கத்தக்கது. விலக்கிய பகுதி சிவப்பு நாடாவால் குறிக்கப்பட்டுள்ளது. அறையின் ஏசி இனி இரவிலும் வார இறுதியிலும் நிறுத்தப்படமாட்டாது. மின்சாரச் செலவு கூடும் என்பதைப் பிரிவுத் தலைவருக்குத் தெரிவித்துள்ளோம். நிரந்தரத் தீர்வு குளிரூட்டும் பகுதி கொண்ட இன்கியூபேட்டரே. உணரி 4 இன் இடத்தில் கூடிய, குறைந்த அளவுகளை நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. காலைப் பதிவில் அவ்விரு அளவுகளும் எழுதப்பட வேண்டும்.

ஏசி இரவில் நிறுத்தப்பட்ட காலத்தில் வெளியான முடிவுகள் முறையிலிருந்து விலகிய வேலையாகப் பதியப்பட்டு, தர முகாமையாளரின் மீளாய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன. ஒரு பாகை கூடியதால் எண்ணிக்கை மாறியே இருக்கும் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் அவை 30±1 இல் வளர்க்கப்பட்டவை என்று கையொப்பமிட எங்களால் இயலாது.

இந்த அளவீடு ஆண்டுக்கு ஒருமுறையும், விசிறி, வெப்பமூட்டி, கதவு ரப்பர் ஆகியவற்றுள் ஒன்று மாற்றப்பட்டாலும், இன்கியூபேட்டர் இடம் நகர்த்தப்பட்டாலும் திரும்பச் செய்யப்படும்.

தயாரித்தவர்: ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், நுண்ணுயிரியல் பிரிவு
2025 மார்ச் 27