"14 ஆடு இறந்தன": வாக்கியம் சரிதான்

தம்பி செல்வம்,

கமுதிச் செய்தியில் நீங்கள் எழுதியிருந்த வாக்கியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "மின்னல் தாக்கியதில் கிடையில் இருந்த 14 ஆடு இறந்தன." இலக்கணப்படி இது சரி. டெஸ்க்கில் 'ஆடுகள்' என்று மாற்றியிருந்ததை எடுத்துவிட்டு, நீங்கள் அனுப்பியபடியே போடச் சொல்லிவிட்டேன்.

அஃறிணைப் பெயருக்குக் 'கள்' கட்டாயம் இல்லை. ஆடு, மாடு, மரம், வீடு எல்லாம் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொது. ஆடு மேய்ந்தது என்றால் ஒன்று, ஆடு மேய்ந்தன என்றால் பல, வினையே காட்டிக்கொடுத்துவிடும். "பால்பகா அஃறிணைப் பெயர்கள் பாற்பொது மைய" என்று நன்னூல் சொல்வது இதைத்தான். தொல்காப்பியம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது. உங்கள் வாக்கியத்திலோ முன்னால் 14, பின்னால் 'இறந்தன'. இதில் யாருக்குக் குழப்பம் வரும்? பத்து நாள், நாலு இட்லி, மூன்று பஸ் என்றுதானே நாள் முழுக்கப் பேசுகிறோம்.

'14 ஆடுகள்' என்பதும் சரிதான், அதனால் திருத்தியவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் சரியாக இருக்கும் ஒன்றைத் தப்பு என்று அடிப்பது எனக்கு ஒப்பவில்லை. கிடை போடுகிறவர்கள் நூறு ஆடு, இருநூறு ஆடு என்றுதான் எண்ணுவார்கள். நீங்கள் கீதாரியிடம் நேரில் பேசி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு செய்தியில் அப்படியே இருக்கிறது. அது இருக்கட்டும்.

இதை எல்லா இடத்துக்கும் இழுக்காதீர்கள். "14 ஆடு இறந்தது" என்று வந்திருந்தால் நானே திருத்தியிருப்பேன். பேச்சில் அப்படித்தான் சொல்வோம், கீதாரி சொன்னதாக மேற்கோளுக்குள் வந்தால் விடலாம். நம் நடையில் வேண்டாம். அப்புறம், எண் இல்லாத இடம். "கிடையில் இருந்த ஆடு இறந்தன" என்பதற்கும் நன்னூல் இடம் தரும்தான், ஆனால் காலையில் பேப்பரைப் பிரிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். அங்கே 'ஆடுகள்' போடுங்கள். மனிதர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது: "3 தொழிலாளி இறந்தனர்" என்று எழுத முடியாது, தொழிலாளர்கள்தான்.

தலைப்பு "மின்னல் தாக்கி 14 ஆடு பலி" என்று போகிறது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தாரா, பிரேதப் பரிசோதனை நடந்ததா என்பது செய்தியில் இல்லை. நிவாரணம் கேட்டு அந்தக் குடும்பம் அலையும்போது அந்தத் தகவல்தான் முதலில் வேண்டியிருக்கும். ஏழு மணிக்குள் விசாரித்து இரண்டு வரி அனுப்புங்கள், பக்கத்தை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்